பார்வை கோயம்புத்தூர்ல, வாங்குறவங்க ஈசூன்ல: சிங்கப்பூர் ஆன்லைன் கடைக்குத் தமிழ்க் குட்டி வீடியோ

(திரை: பக்கத்துப் பக்கத்துல ரெண்டு போன். ஒண்ணுல 18,000 பார்வை, இன்னொண்ணுல 900.)

வணக்கம். சிங்கப்பூர்ல வீட்டுல இருந்தே பருத்திப் புடவை விக்கிற ஒரு சின்ன ஆன்லைன் கடைன்னு வச்சுக்குவோம். அந்தக் கடை ரெண்டு வீடியோ போட்டிருக்கு. ஒண்ணுக்கு 18,000 பார்வை, இன்னொண்ணுக்கு வெறும் 900. எது வியாபாரம் கொண்டுவரும்?

பார்த்தவங்க எந்த நாட்டுல இருக்காங்கன்னு திறந்து பார்ப்போம். முதல் வீடியோவுக்கு வந்த பார்வையில 100க்கு 2தான் சிங்கப்பூர். அதாவது 360. ரெண்டாவது வீடியோவுல 100க்கு 55. அப்போ 495. சின்ன வீடியோதான் நம்ம ஊர்ல அதிகம் பேர்கிட்ட போயிருக்கு. பெரிய வீடியோவோட கமெண்ட்டைப் பாருங்க: "ரூபாயில எவ்வளவு?", "கோயம்புத்தூருக்கு அனுப்புவீங்களா?" ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்லிக்கிட்டே இருந்தா சாயந்தரம் போயிடும், ஒரு புடவையும் போகாது.

இது ஏன் நடக்குது? சிங்கப்பூர்ல 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி, வீட்டுல அதிகமாத் தமிழ் பேசுறவங்க குடியிருப்பாளர்கள்ல 2.5 விழுக்காடுதான். கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேர். தமிழ்நாட்டோட மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பிலேயே 7 கோடியைத் தாண்டியாச்சு. தமிழ்ல ஒரு வீடியோ போட்டா, ஆள் அதிகமா இருக்கிற பக்கமாத்தான் அது ஓடும். யார் நிறுத்தி முழுசாப் பார்க்கிறாங்களோ, அவங்களை மாதிரி ஆட்களுக்கே ஆப் அடுத்து காட்டும். முதல்ல பார்த்தவங்க எல்லாம் கோவைக்காரங்களா இருந்தா, அடுத்த சுற்றும் கோவைக்கே போகும்.

அதனால முதல் முடிவு, எந்த ஆப்ல ஆரம்பிக்கிறதுங்கிறது. எங்க கருத்து: டிக்டாக். காரணம் ரொம்ப எளிமையானது. இந்தியாவுல 2020 ஜூன் கடைசியிலிருந்து டிக்டாக்குக்குத் தடை. அதனால டிக்டாக்ல தமிழ்ல போடுற வீடியோவுக்குப் பார்வையாளர்கள் சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, வளைகுடா, ஐரோப்பான்னு வெளியிலதான் இருக்காங்க. மொத்த எண்ணிக்கை சின்னதாத் தெரியும், ஆனா அதுல உங்க பங்கு பெருசு. அதே வீடியோவை யூடியூப் ஷார்ட்ஸ்லயும் இன்ஸ்டகிராம் ரீல்ஸ்லயும் போடுங்க. ஆனா டிக்டாக்ல இருந்து டவுன்லோட் பண்ணி, அதோட லோகோ ஒட்டின காப்பியைப் போடாதீங்க. எடிட் பண்ணின மூலக் கோப்பைப் போன்லயே வச்சிருங்க.

(திரை: ஜன்னல் ஓரமா ஒரு மேசை. அதுமேல மடிச்ச அரக்குச் சுங்குடி, பக்கத்துல ஒரு வெள்ளைத் தாள்.)

இப்போ படம் எடுக்கிற விஷயம். புடவை வியாபாரத்துல திரும்பி வர்ற சரக்குல நிறம் ஒரு பெரிய காரணம். அரக்குன்னு நினைச்சு வாங்கினவங்களுக்குச் செங்கல் நிறத்துல புடவை போய்ச் சேரும். தப்பு புடவையில இல்ல, போன்ல. ஒரே நிறம் திரை முழுக்க நிறைஞ்சா, போன் அதைச் சரி பண்றேன்னு நினைச்சு நிறத்தை இழுத்து மாத்திடும். புடவையை விரிக்க விரிக்க நிறம் மாறுறதைத் திரையிலேயே பார்க்கலாம்.

இதுக்கு வழி இருக்கு. வீவக வீட்டுல நேரா வெயில் அடிக்காத ஜன்னலா ஒண்ணைத் தேர்ந்தெடுத்து, காலை வெளிச்சத்துல எடுங்க. அறை விளக்கை அணைச்சிடுங்க. பகல் வெளிச்சமும் மஞ்சள் விளக்கும் கலந்தா எந்த நிறமும் சரியா வராது. ஐபோன்ல செட்டிங்ஸ், கேமரா, ரெக்கார்ட் வீடியோன்னு உள்ளே போனா வொயிட் பேலன்ஸைப் பூட்டுற வசதி இருக்கு. ரெக்கார்டிங் ஆரம்பிக்கிற அந்த நொடியில இருக்கிற நிறத்தைத்தான் அது பிடிச்சு வச்சுக்கும். அதனால முதல்ல வெள்ளைத் தாளும் புடவையும் சேர்ந்து தெரியுற மாதிரி வச்சு ஆரம்பிங்க, அப்புறம் தாளை எடுத்துடுங்க. ஆண்ட்ராய்டு போன்ல புரோ வீடியோ இருந்தா, அதுல வொயிட் பேலன்ஸை 5500 கெல்வின் பக்கத்துல நிறுத்துங்க. எடுத்து முடிச்சதும் போனைப் புடவை பக்கத்துலயே வச்சுக் கண்ணால ஒப்பிட்டுப் பாருங்க. வித்தியாசம் தெரிஞ்சா மறுபடி எடுங்க, எடிட்ல நிறத்தைத் திருத்தாதீங்க.

ராத்திரியிலதான் நேரம் கிடைக்கும்னா இன்னொரு சிக்கல் வரும். படத்துல கறுப்புப் பட்டை பட்டையா மேலும் கீழும் ஓடும். சிங்கப்பூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சில எல்இடி விளக்கு அந்தத் தாளத்துல மினுக்கும். போன் நொடிக்கு 30 படம் எடுக்கிறப்போ ரெண்டும் ஒத்துப்போகாது. நொடிக்கு 25 படத்துக்கு மாத்திப் பாருங்க, இல்லேன்னா புரோ வீடியோவுல ஷட்டரை 1/50 இல்ல 1/100ல வைங்க. அதுக்கப்புறமும் பட்டை ஓடுச்சுன்னா அந்த விளக்கை மாத்துறதுதான் வழி.

(திரை: 30 நொடி வீடியோ ஓடுது. மூலையில நொடி எண்.)

ஒரு வீடியோவை நொடி நொடியாப் பிரிச்சுப் பார்ப்போம். சரக்கு: அரக்கு நிறச் சுங்குடி, விலை 35 வெள்ளி.

முதல் 3 நொடி. முந்தானையை ஒரு கை இழுத்து விரிக்குது. குரல்: "இந்தச் சுங்குடி 35 வெள்ளி. ஸ்டாக் சிங்கப்பூர்லயே இருக்கு." வணக்கம் சொல்றது, கடை பேரு, லோகோ எதுவும் இங்க வேண்டாம். வெள்ளின்னு காதுல விழுந்ததுமே நம்ம ஊர் ஆள் கட்டைவிரலை நிறுத்துவாங்க, வெளியூர் ஆள் தள்ளிட்டுப் போவாங்க. தள்ளிட்டுப் போகட்டும். அந்த வடிகட்டல்தான் நமக்கு வேணும்.

3லிருந்து 12 வரைக்கும் ஒரே ஒரு நெருக்கக் காட்சி. துணியைப் போனுக்கு ஒரு சாண் தூரத்துல பிடிச்சு, புள்ளியைக் காட்டுங்க. அப்படியே திருப்பிப் பின்பக்கத்தையும் காட்டுங்க. கையால முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்ச்ச சுங்குடியில புள்ளி ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது, முடிச்சு இருந்த இடத்துல துணி லேசாச் சுருங்கி மேடாத் தெரியும். அச்சுல போட்டதுல எல்லாப் புள்ளியும் ஒரே அளவு, துணி தட்டையா இருக்கும். உங்ககிட்ட இருக்கிறது அச்சுன்னா, "இது அச்சு, கைக்கட்டு இல்ல, அதான் இந்த விலை"ன்னு வாயைத் திறந்து சொல்லிடுங்க. மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு இருக்கு. அச்சைக் கைக்கட்டுன்னு சொல்லி வித்தா, சிங்கப்பூரோட நுகர்வோர் பாதுகாப்பு (நியாயமான வர்த்தகம்) சட்டத்துல அது பொய்யான தகவல் கொடுத்து விக்கிறதுல சேரும்.

12லிருந்து 24 வரைக்கும் ஒருத்தர் கட்டிக்கிட்டு நாலடி நடக்கணும். கொசுவம் எப்படி விழுதுன்னு தெரியணும். குரல்ல நாலே விஷயம்: நீளம் எத்தனை மீட்டர், ரவிக்கைத் துணி சேர்ந்திருக்கா இல்லையா, முதல் அலசுல சாயம் போகுமா, கஞ்சி போட்ட துணியா. இதையெல்லாம் சொல்லாம விட்டா ஒவ்வொருத்தரும் வாட்ஸ்அப்ல தனித்தனியாக் கேட்பாங்க.

கடைசி 6 நொடி: "கோடு SG07. வாட்ஸ்அப்புல அனுப்புங்க." நம்பர் திரையிலேயே இருக்கட்டும்.

எழுத்தைப் பத்தி ஒரு வார்த்தை. இங்க வளர்ந்த பல பேருக்குத் தமிழ் காதுல நல்லாப் புரியும், வாசிக்கிறது மெதுவாத்தான் வரும். அதனால திரையில ரெண்டு வரிக்கு மேல வேண்டாம், விலை எண்ணுல இருக்கட்டும். கீழே அஞ்சுல ஒரு பங்கும் வலது ஓரமும் ஆப்போட பட்டன் மூடிடும், அங்க எழுத்து வைக்காதீங்க. தானா வர்ற தமிழ்ச் சப்டைட்டில்ல புடவைப் பேரெல்லாம் கண்டபடி வரும், கையால திருத்துங்க. பின்னணியில சினிமாப் பாட்டும் வேண்டாம். கடைக்காக விளம்பரமாப் போடுற வீடியோவுக்கு அந்த உரிமை கிடையாது, ஒரு நாள் சத்தத்தை எடுத்துட்டா உங்க குரலும் சேர்ந்து போயிடும்.

(திரை: ஒரு வாட்ஸ்அப் லிங்க்.)

அடுத்து, பார்த்தவங்க கடைக்கு எப்படி வர்றாங்க? நிறைய பேர் சறுக்குறது இங்கதான். "லிங்க் கமெண்ட்ல இருக்கு"ன்னு சொல்லுவாங்க. யூடியூப் ஷார்ட்ஸோட கமெண்ட்லயும் விளக்கத்துலயும் போடுற லிங்க் 2023 ஆகஸ்ட் கடைசியிலிருந்து அமுக்கினா திறக்காது. இன்ஸ்டகிராம் ரீல்ஸ் கேப்ஷன்லயும் அப்படித்தான். லிங்க் வேலை செய்யுற இடம் புரொஃபைல் பக்கம். அங்க வாட்ஸ்அப் பிசினஸ் லிங்க்கை வைங்க. டிக்டாக்ல புதுக் கணக்குக்கு அந்த வசதி உடனே கிடைக்காமப் போகலாம், அதனாலதான் நம்பரைத் திரையிலேயே வைக்கச் சொன்னோம்.

லிங்க் இப்படி இருக்கணும்:

```
https://wa.me/65XXXXXXXX?text=TikTok
https://wa.me/65XXXXXXXX?text=YouTube
```

65க்கு முன்னாடி கூட்டல் குறி வேண்டாம், நடுவுல இடைவெளியும் வேண்டாம். அமுக்கினதும் ஆப் பேரு டைப் ஆகித் தயாரா நிக்கும். அது எங்கிருந்து வந்தாங்கன்னு சொல்லும், அவங்க அனுப்புற SG07 எந்த வீடியோன்னு சொல்லும். ஒரு நோட்டுல நாலு பத்தி போடுங்க: கோடு, சிங்கப்பூர் பார்வை, வந்த செய்தி, பேநவ்ல வந்த காசு.

சிங்கப்பூர் பார்வையை எடுக்க, யூடியூப் ஸ்டூடியோவுல அனலிடிக்ஸுக்குப் போய் நாடுவாரியாப் பிரிங்க. ஒரு எச்சரிக்கை: 2025 மார்ச் 31லிருந்து ஷார்ட்ஸ் ஓட ஆரம்பிச்சாலே ஒரு பார்வைன்னு எண்ணுறாங்க. தள்ளிட்டுப் போனவங்களும் அதுல சேர்ந்திடுவாங்க. "என்கேஜ்டு வியூஸ்"னு தனியா இருக்கிற எண்ணைத்தான் நோட்டுல எழுதணும்.

ரெண்டு வாரம் கழிச்சு நோட்டைத் திறங்க. சிங்கப்பூர் பார்வையே இல்லேன்னா முதல் 3 நொடியை மட்டும் மாத்தி எடுங்க. பார்வை இருக்கு, செய்தி இல்லேன்னா விலையோ கடைசி 6 நொடியோ தெளிவா இல்ல. செய்தி வருது, காசு வரலேன்னா வீடியோவைத் தொடாதீங்க, உங்க பதிலைப் பாருங்க. "சொல்லுங்க சிஸ்டர்"னு மட்டும் பதில் போனா பேச்சு அங்கேயே நின்னுடும். வாட்ஸ்அப் பிசினஸ்ல விரைவுப் பதிலா இதைச் சேமிச்சு வைங்க:

"வணக்கம். SG07 அரக்குச் சுங்குடி, 35 வெள்ளி, 3 இருக்கு. ஜன்னல் வெளிச்சத்துல எடுத்த படம் கீழே. சனிக்கிழமை ஈசூன் எம்ஆர்டியில கையில தரலாம், இல்லேன்னா பார்சல்ல அனுப்பலாம். எது வசதி? சொன்னதும் பேநவ் விவரம் அனுப்புறேன், இன்னிக்கு ராத்திரி 10 மணி வரைக்கும் உங்களுக்காக எடுத்து வச்சிருக்கேன்."