29 காட்டிய பொய்

எல்லோருக்கும் பலகை தெரிகிறதா? சரி. இடப்பக்கம் மேலே Z, அதாவது எல்லா முழுக்களும். அதற்கு வலப்பக்கம் Z₁₂, அதாவது 12-ஆல் வகுத்தால் வரும் மீதிகள். அதன் நேர் கீழே Z₄, அதாவது 4-ஆல் வகுத்தால் வரும் மீதிகள். Z-இலிருந்து Z₁₂-க்குப் போகும் அம்பு f: எண்ணை 12-ஆல் வகுத்து மீதியை எடுக்கும். அங்கிருந்து கீழே இறங்கும் அம்பு g: அந்த மீதியை 4-ஆல் வகுத்து, அதன் மீதியை எடுக்கும். குறுக்கே Z-இலிருந்து நேராக Z₄-க்கு வருவது h: எண்ணை ஒரேயடியாக 4-ஆல் வகுக்கும். எந்த எண்ணை எடுத்தாலும் இரண்டு வழியிலும் போய் ஒரே இடத்தில் நின்றால், இந்த முக்கோணம் பரிமாற்று வரைபடம். எழுத்தில் h = g∘f.

படத்தில் f முதலில் வருகிறது, எழுதும்போது g முன்னால் நிற்கிறது. விடைத்தாள்களில் நான் அதிகம் திருத்துவது இந்த இடத்தைத்தான். g(f(x)) என்று எழுதும்போது x வலக்கோடியில் இருப்பதால் அதற்குப் பக்கத்தில் இருப்பவர் முதலில் வேலை செய்கிறார், அவ்வளவுதான். f∘g என்று எழுதிவிட்டால் படத்தைப் பாருங்கள்: g முடிவது Z₄-இல், f தொடங்குவது Z-இல். அம்புகள் ஒட்டவே ஒட்டாது.

இப்போது 29-ஐ எடுத்துக்கொள்வோம். f அதை 5-க்கு அனுப்புகிறது, g அந்த 5-ஐ 1-க்கு. குறுக்கு வழியில் 29 = 28 + 1, அதுவும் 1. பொருந்துகிறது. பலர் இங்கேயே பேனாவை மூடிவிடுவார்கள்.

Z₁₂-ஐ அழித்துவிட்டு Z₆ எழுதுகிறேன். f இனி 6-ஆல் வகுக்கும். 29 போட்டால் 5, அப்புறம் 1. குறுக்கே வந்தாலும் 1. இதுவும் சரியாகத்தான் தெரிகிறது! ஆனால் 7-ஐ அனுப்பிப் பாருங்கள். மேல் வழியில் 1, அப்புறமும் 1. குறுக்கே 3. முக்கோணம் உடைந்துவிட்டது.

வேறு ஒரு g கண்டுபிடித்து ஒட்ட முடியுமா? முடியாது. 1, 7 இரண்டையும் f ஒரே 1-இல் கொண்டுபோய் வைக்கிறது. h-ஓ முன்னதை 1-க்கும் பின்னதை 3-க்கும் அனுப்புகிறது. அப்படியானால் g(1) ஒரே நேரத்தில் 1 ஆகவும் 3 ஆகவும் இருக்க வேண்டும். அது சார்பே இல்லை. f ஒன்றாக்கிய எண்களை h பிரிக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. அதைச் சரிபார்க்கும்வரை g-ஐப் புள்ளிக்கோடாகப் போடுங்கள். இருக்கிறது என்று நிறுவிய பிறகு மேலே அழுத்தி வரையலாம்.

12-க்கு நிறுவுவது ஒரு வரி: n = 12q + r என்றால் 12q-ஐ 4 மீதியின்றி வகுக்கும், ஆகவே n-க்கும் r-க்கும் 4-ஆல் வகுத்தால் ஒரே மீதி. 8-க்கும் 20-க்கும் இதே வரி போதும். 10-க்கு முயன்று பாருங்கள், 1-உம் 11-உம் வந்து தடுக்கும்.