லாரி ஏன் லேட்? மீன்முள்ளும் ஐந்து ஏன்களும்

நேயர்களுக்கு வணக்கம். சரக்கு இன்னும் வந்து சேரவில்லை என்று கடைக்காரர் போன் செய்தால், குடோனிலிருந்து வரும் முதல் பதில் பெரும்பாலும் "டிரைவர் லேட் சார்" என்பதுதான். அந்தப் பதில் சரிதானா என்று கண்டுபிடிக்க இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, ஜப்பானியப் பேராசிரியர் கவோரு இஷிகாவா பரப்பிய மீன்முள் வரைபடம். இன்னொன்று, ஒரு பதில் கிடைத்ததும் மறுபடி 'ஏன்' என்று கேட்டுக் காரணத்தின் அடிவரை போகும், டொயோட்டாவில் வளர்ந்த 'ஐந்து ஏன்'. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தினால்தான் பலன். எப்படி என்று சொல்கிறேன்.

மளிகைச் சாமான்களைக் கடைகளுக்கு அனுப்பும் ஒரு கிடங்கை எடுத்துக்கொள்வோம். லாரிகள் காலை 8 மணிக்குக் கிளம்ப வேண்டும். வரைபடத்தில் மீனின் தலையில் பிரச்சினையை எழுத வேண்டும். நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். 'டெலிவரி தாமதம்' என்று எழுதினால் உலகத்திலுள்ள எல்லாக் காரணமும் அதற்குப் பொருந்தும். அதனால் முதலில் கேட் ரிஜிஸ்டரை எடுங்கள். வாட்ச்மேன் எழுதும் உள்ளே, வெளியே நேரங்களை நான்கு வாரத்துக்கு ஒரு தாளில் நாள்வாரியாக எழுதிப் பாருங்கள். நம் கிடங்கில் மற்ற நாட்களில் லாரிகள் எட்டேகாலுக்குள் வெளியே போய்விடுகின்றன. திங்கட்கிழமை மட்டும் 10 மணி ஆகிறது. சரி, தலையில் எழுத வேண்டியது கிடைத்துவிட்டது: 'திங்கட்கிழமை லாரிகள் இரண்டு மணி நேரம் தாமதமாக வெளியேறுகின்றன.'

அடுத்து, முதுகெலும்பிலிருந்து பிரியும் பெரிய முட்கள், அதாவது காரணங்களின் வகைகள். ஆட்கள், இயந்திரம், வேலைமுறை, சரக்கு, அளவீடு, சூழல் என்ற ஆறும் வழக்கமானவை. லோடுமேன், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர், பில் போடுபவர் எல்லோரும் உட்கார்ந்து ஒவ்வொரு வகையிலும் தோன்றும் காரணங்களைச் சிறிய முட்களாகச் சேர்க்க வேண்டும். மேனேஜர் தனியாக ஏசி அறையில் வரைந்த மீனில் ஆட்கள் பக்கத்து முட்கள் மட்டும் அடர்த்தியாக இருக்கும்! நம் மீனில் இப்படி வந்தன: டிரைவர் தாமதம், ஞாயிறு விடுமுறையால் குவியும் இரண்டு நாள் ஆர்டர், ஃபோர்க்லிஃப்ட் பழுது, ராக்கில் சரக்கு இல்லாமை.

இதுவரை எழுதியதெல்லாம் சந்தேகம்தான், சாட்சி இல்லை. ஒவ்வொரு முள்ளையும் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். திங்கட்கிழமையும் லாரி ஏழரைக்கே உள்ளே வந்து நிற்கிறது. ஆக, டிரைவர் மேல் தப்பில்லை. ஆர்டர் குவிவதுதான் காரணம் என்றால் 9 மணிக்கும் பாதிச் சரக்கு எடுக்கப்படாமல் கிடக்க வேண்டும். ஆனால் ஆர்டர்படி ராக்கிலிருந்து சரக்கை எடுக்க எடுக்க டிக் போடும் பிக்கிங் தாளில் பெரும்பாலான வரிகள் எட்டுக்கு முன்பே டிக் ஆகியிருக்கின்றன. ஒரு லாரிக்கு இரண்டு மூன்று அயிட்டம்தான் பாக்கி. ஃபோர்க்லிஃப்ட் பழுதும் திங்கட்கிழமையைத் தேடி வருவதில்லை. மிஞ்சியது ராக் முள். அதைப் பிடித்துக்கொண்டு ஏன் ஏன் என்று உள்ளே போக வேண்டும்.

லாரி ஏன் நின்றது? இரண்டு அயிட்டம் கிடைக்கவில்லை. ஏன்? கம்ப்யூட்டர் காட்டும் ராக்கில் அந்தப் பெட்டிகள் இல்லை. ஏன்? அவை சனிக்கிழமை மாலை வந்து, இறக்கிய இடத்திலேயே தரையில் கிடக்கின்றன. தரையில் கிடப்பதை ராக்கில் இருப்பதாகக் கம்ப்யூட்டர் ஏன் சொல்கிறது? வரவு பதிந்ததுமே அது ஸ்டாக்காகக் கணக்கில் ஏறிவிடுகிறது. அடுக்குவதற்கு முன்பே ஏன் பதிகிறார்கள்? சரக்கு கொண்டுவந்த டிரைவர் ரசீது இல்லாமல் கிளம்ப மாட்டார். இந்த சாஃப்ட்வேரிலோ வரவுப் பதிவு போட்டால்தான் ரசீது அச்சாகும்.

சங்கிலி சரிதானா என்று பார்க்க, கீழிருந்து மேலே 'ஆகவே' போட்டுப் படியுங்கள். எங்காவது தடுக்கினால் அந்த இடத்தில் ஊகம் நுழைந்திருக்கிறது. மூன்றாவது ஏனிலேயே பக்கத்தில் ஒரு கிளையும் பிரிகிறது. சனிக்கிழமை மாலை 6 மணிக்கு ஃபோர்க்லிஃப்ட் ஷிஃப்ட் முடிகிறது, அதனால் வந்தது அடுக்கப்படாமல் கிடக்கிறது. அதையும் எழுதிக்கொள்ள வேண்டும். ஐந்து என்பது கட்டாயக் கணக்கு இல்லை. மூன்றில் முடியலாம், ஏழு வரைக்கும் போகலாம். நாம் மாற்றக்கூடிய ஒரு நடைமுறையைத் தொட்டதும் நிறுத்தலாம். 'கவனக்குறைவு' என்ற பதிலோடு நின்றுவிட்டால் மட்டும், இன்னும் ஒரு ஏன் பாக்கியிருக்கிறது என்று அர்த்தம்.

இங்கே மாற்ற வேண்டியது, வரவுப் பதிவையும் அடுக்கிய பதிவையும் இரண்டாகப் பிரிப்பது. ராக்கின் பார்கோடை ஸ்கேன் செய்த பிறகுதான் பெட்டி பிக்கிங்குக்குக் கிடைக்கும் ஸ்டாக்காகத் தெரிய வேண்டும். ஆனால் இது மட்டும் போதாது. பெட்டி தரையிலேயே கிடந்தால், இருக்கிற சரக்கையே கம்ப்யூட்டர் இல்லை என்று சொல்லும், கடைக்காரருக்கு அது வராமலே போகும். அதனால் சனிக்கிழமை ஃபோர்க்லிஃப்ட் ஷிஃப்டை இரண்டு மணி நேரம் நீட்டியாக வேண்டும். பிறகு அடுத்த நான்கு திங்கட்கிழமைகளுக்குக் கேட் ரிஜிஸ்டரைப் பாருங்கள். லாரிகள் 9 மணிக்குக் கிளம்புகின்றன என்றால் பாதிக் காரணம்தான் பிடிபட்டது. மீன் வரைந்த தாளைக் கிழித்துப் போடாமல் வைத்திருந்தால், அடுத்த முள்ளிலிருந்து தொடரலாம். நன்றி, வணக்கம்.