அடைத்துக்கொண்ட தொட்டி யாருடைய குறியீடு?

(வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மேடையில் வீற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, இந்தக் கிளை நூலகத்தைச் சொந்த வீட்டைப்போலப் பார்த்துக்கொள்ளும் நூலகர் அம்மையார் அவர்களே, வேறு இரண்டு நிகழ்ச்சிகளை விட்டுவிட்டு வந்ததாக அவரே அறிவித்த நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்திலும் கால் மணியை எடுத்துக்கொண்ட பேராசிரியர் அவர்களே, போண்டா வாசம் வந்த பிறகும் எழுந்து போகாத நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய நண்பருக்கு நன்றி. மின்விசிறி இல்லாத பக்கம் உட்கார்ந்திருப்பதால் அதை மடித்து வைத்துவிட்டேன், தவறாக நினைக்கக் கூடாது.

ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’ நாவலை அரசியல் உருவகமாக எப்படிப் படிப்பது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். நாவலில் வருகிற ஆட்களுக்கு வரலாற்றில் ஆள் தேடுவது எதுவரை சரி என்பது ஒன்று. எந்தப் பெயரோடும் ஒட்டாத சில்லறைப் பொருள்கள் அந்த நாவலில் என்ன செய்கின்றன என்பது இரண்டு. கடைசியில் வரும் பின்னிணைப்பு மூன்று.

நான் எந்த மேடை ஏறினாலும் ஒரு பழமொழி சொல்வேன், உங்களுக்கே தெரியும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். குறியீடு தேடக் கிளம்பியவர்களைப் பார்த்தால் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

நம் வட்டத்தில் ஒரு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் இருக்கிறார். அனுமதி வாங்கிக்கொண்டுதான் சொல்கிறேன், அதோ சிரிக்கிறார். நாவலைப் படிக்க ஆரம்பித்ததும் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி நடுவில் கோடு கிழித்தார். இடப்பக்கம் நாவல், வலப்பக்கம் வரலாறு. நாவலில் நாட்டை ஆளும் கட்சியின் தலைவர் பெரியண்ணன் என்றால் ஸ்டாலின். மீசை இருக்கிறது, சரி. அந்தக் கட்சியின் முதல் எதிரி கோல்ட்ஸ்டீன் என்றால், ஸ்டாலினை எதிர்த்து நாடுகடத்தப்பட்ட ட்ராட்ஸ்கி. ஆட்டுத்தாடி இருக்கிறது, யூதப் பெயர், கட்சியிலிருந்து துரத்தப்பட்டவன், ரொம்பச் சரி. தலைப்பையும் விடவில்லை. 1948-இல் எழுதி முடித்தார், 48-ஐத் திருப்பிப் போட்டால் 84, தீர்ந்தது கணக்கு என்றார். கையெழுத்துப் பிரதியில் ஆர்வெல் முதலில் 1980 என்று போட்டு, பிறகு 1982 ஆக்கி, அப்புறம்தான் 1984-க்கு வந்தார் என்று சொன்னேன். கொஞ்சம் வருத்தப்பட்டார்.

அதோடு நின்றதா? ஒருநாள் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் வாசலில் வந்து நிற்கிறார், கையில் நோட்டு. “தம்பி, அந்தத் தொட்டி யாரு?”

“எந்தத் தொட்டி சார்?”

“பக்கத்து வீட்டம்மா சமையலறையில அடைச்சுக்கிச்சே, அந்தத் தொட்டி.”

நாவலின் தொடக்கத்தில், கதாநாயகன் வின்ஸ்டன் ஸ்மித் நாட்குறிப்பில் முதல் வரிகளை எழுதிய உடனே கதவு தட்டப்படுகிறது. போலீஸ் என்று நடுங்கித் திறந்தால் பக்கத்து வீட்டு திருமதி பார்சன்ஸ். பாத்திரம் கழுவும் தொட்டி அடைத்துக்கொண்டது, வந்து பார்க்க முடியுமா என்கிறார். இவர் போகிறார். விளிம்புவரை பச்சை நிற அழுக்குத் தண்ணீர், முட்டைக்கோஸ் நாற்றம். குழாயைக் கழற்றி, அடைத்திருந்த மயிர்க்கற்றையை அருவருப்போடு எடுத்துப் போடுகிறார்.

நம் வாத்தியார் இதற்கு வலப்பக்கத்தில் நாலு விடை எழுதி அடித்திருந்தார். ஐந்தாண்டுத் திட்டத்தின் தோல்வி என்று ஒன்று. சைபீரியா என்று ஒன்று, ஏன் என்று கேட்டதற்கு, குளிர்ந்த தண்ணீர் என்றார். உக்ரைன் பஞ்சம் என்று ஒன்று. நாலாவதைப் படிக்க முடியவில்லை. என் மனைவி உள்ளேயிருந்து, “அவங்க வீட்டுத் தொட்டிய விடுங்க, நம்ம வீட்டுது ஒரு வாரமா அடைச்சிருக்கு, அது எந்த நாடுன்னு கேளுங்க” என்றாள். வாத்தியார் சளைக்கவில்லை. சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே போய் அதையும் சரிசெய்துவிட்டுத்தான் காப்பி குடித்தார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்றாலும், நல்ல மனிதர்.

அவருக்கு அன்று நான் சொன்ன பதில் இதுதான். தொட்டி, தொட்டிதான். ஆனால் அந்தக் கட்டிடத்தின் பெயர் வெற்றி மாளிகை. கையால் முடிகிற வேலை தவிர மற்ற எந்தப் பழுதுக்கும் எங்கேயோ இருக்கும் குழுக்களின் அனுமதி வேண்டும், ஒரு சன்னல் கண்ணாடி மாற்றுவதற்கே இரண்டு வருஷம் இழுத்துவிடுவார்கள் என்று ஆர்வெல் எழுதுகிறார். (நகர்மன்ற உறுப்பினர் ஏன் நம் நூலகச் சன்னலைப் பார்க்கிறார் என்று தெரியவில்லை.) தொட்டி அடைத்ததால் வின்ஸ்டன் அந்த வீட்டுக்குள் போகிறார். போனதால் பிள்ளைகளைப் பார்க்கிறார். பொம்மைத் துப்பாக்கியை நீட்டி, “துரோகி, உளவாளி” என்று அவரைச் சுற்றிக் குதிக்கிறார்கள். தாயின் கண் பயத்தோடு பிள்ளைகள் பக்கம் போய்ப் போய் வருகிறது. பின்னால் அந்தத் தாயின் கணவர் பார்சன்ஸ் சிறைக்கு வருகிறார், தூக்கத்தில் உளறியதைச் சாவித்துவாரம் வழியாக ஒட்டுக்கேட்டுக் காட்டிக்கொடுத்தது ஏழு வயது மகள். அதில் அவருக்குப் பெருமை வேறு. தொட்டிக்கு எதிரே உக்ரைன் என்று எழுதியிருந்தால் அந்தத் தாயின் கண் நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

அதற்காக ஆள் தேடவே கூடாது என்றால் அதுவும் தப்பு. ஆர்வெலே துல்லியமாகப் பொருத்தி எழுதியிருக்கிறார், ‘விலங்குப் பண்ணை’யில். காற்றாலை வெடிக்கும்போது எல்லா விலங்குகளும் தரையில் விழுந்தன, ஸ்டாலினைக் குறிக்கும் நெப்போலியன் என்ற பன்றியும் விழுந்தது என்று முதலில் எழுதியிருந்தார். அச்சாகும் முன் அதை நெப்போலியன் தவிர என்று மாற்றச் சொன்னார். ஜெர்மானியர் நெருங்கியபோது ஸ்டாலின் மாஸ்கோவை விட்டு ஓடவில்லை, அவருக்கு அநியாயம் செய்யக் கூடாது என்பது காரணம். அது அப்படிப்பட்ட கதை. ‘1984’ அப்படியில்லை.

கோல்ட்ஸ்டீனையே எடுத்துக்கொள்ளுங்கள். முகம் ட்ராட்ஸ்கியின் முகம்தான். அவர் எழுதியதாக நாவலில் வரும் தடித்த நூலின் நடையும் ட்ராட்ஸ்கியை நினைவூட்டும். ஆனால் சித்திரவதை அறையில் கட்சி அதிகாரி ஓ’பிரையன் என்ன சொல்கிறான்? அந்தப் புத்தகத்தை நான்தான் எழுதினேன், மற்றவர்களோடு சேர்ந்து என்கிறான். ட்ராட்ஸ்கி தன் புத்தகத்தைத் தானே எழுதினார். 1940-இல் மெக்சிகோவில் கொல்லப்பட்டார், அதில் சந்தேகமில்லை. கோல்ட்ஸ்டீன் இருக்கிறானா, எப்போதாவது இருந்தானா, நாவலில் யாருக்கும் தெரியாது. தனக்கு வேண்டிய எதிரியை ஆட்சியே தயாரித்து, அவனை நம்பி வருகிறவர்களையும் அப்படியே பிடித்துக்கொள்கிறது. நோட்டில் பொருந்தாமல் போகிற அந்த இடத்தில்தான் ஆர்வெல் புதிதாக ஒன்றைச் சொல்கிறார். அதனால் வாத்தியாரிடம் சொன்னேன், சார், நோட்டைக் கிழிக்காதீர்கள், பொருந்தாத இடங்களைச் சிவப்பு மையில் குறியுங்கள் என்று.

இன்னொன்றும் சிவப்பு மைக்கு உரியது. கதை நடக்கிற ஊர் லண்டன். வின்ஸ்டன் வேலை பார்க்கிற, பழைய செய்திகளை ஆட்சிக்கு ஏற்றபடி மாற்றி எழுதுகிற உண்மை அமைச்சகத்தின் கட்டிடம் லண்டன் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸைப் பார்த்து எழுதப்பட்டது என்பார்கள். போர்க்காலத்தில் பிரிட்டனின் தகவல் அமைச்சகம் அங்கேதான் இருந்தது. சவர பிளேடு கிடைக்காததும், சாக்லேட் பங்கீடும் லண்டன்காரர்கள் அனுபவித்தவை. ஆங்கிலம் பேசுகிறவர்கள் மற்றவர்களைவிடப் பிறவியிலேயே மேலானவர்கள் இல்லை என்று காட்டவே கதையை பிரிட்டனில் வைத்தேன் என்று 1949-இல் ஆர்வெலே விளக்கம் கொடுத்தார். எல்லாம் ரஷ்யா என்று வலப்பக்கத்தை நிரப்பிவிட்டால், அவர் தன் சொந்த ஊர்க்காரர்களுக்குச் சொன்னது காதில் விழாது.

இரண்டாவது விஷயம், பவளம் வைத்த கண்ணாடிக் குண்டு. வின்ஸ்டன் பழைய சாமான் கடையில் நாலு டாலர் கொடுத்து வாங்குகிறார். இதற்குப் பொருள் தேட நாம் சிரமப்பட வேண்டாம், அவரே தேடிவிடுகிறார். கண்ணாடி இந்த அறை, உள்ளே இருக்கும் பவளம் ஜூலியாவின் உயிரும் என் உயிரும் என்று, காதலி ஜூலியாவைச் சந்திக்க அந்தக் கடைக்கு மேலே வாடகைக்கு எடுத்த அறையில் படுத்துக்கொண்டு நினைக்கிறார். அந்த அறையின் படத்துக்குப் பின்னால் போலீஸின் கண். வாடகைக்கு விட்ட கிழவர் சாரிங்டனும் போலீஸ். கடைசியில் ஒருவன் அந்தக் குண்டை எடுத்துக் கணப்புக் கல்லில் அடித்து உடைக்கிறான். பவளத் துண்டு உருண்டு ஓடுகிறது. இவ்வளவு சின்னதா, எப்போதும் இவ்வளவு சின்னதாகத்தான் இருந்ததா என்று தோன்றுகிறது அவருக்கு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்றேன். ஆசைப்பட்டவன் கண்ணுக்கு வெளிச்சமெல்லாம் சாமியாகவும் தெரியும்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நான் இன்று உண்மையில் சொல்ல வந்ததற்கு இப்போதுதான் வருகிறேன்.

நாவலில் ஜோன்ஸ், ஆரன்சன், ரதர்ஃபோர்டு என்று மூன்று பழைய தலைவர்கள். குறிப்பிட்ட ஒரு நாளில் எதிரி நாட்டு மண்ணில் இருந்ததாக ஒப்புக்கொண்டு அழிந்தவர்கள். அதே நாளில் அவர்கள் நியூயார்க்கில் கட்சி விழாவில் நின்ற படம், பழைய பத்திரிகைத் துண்டு ஒன்றில், வின்ஸ்டன் கைக்கு வருகிறது. ஸ்டாலின் வழக்கு நடத்திக் கொன்ற பழைய தலைவர்களைப் பொருத்தி, இந்த மூவரில் யார் சினோவியேவ், யார் காமெனேவ் என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. நடந்த செயலைத் தேடினால் கிடைக்கும். 1936 மாஸ்கோ வழக்கில் ஹோல்ட்ஸ்மான் என்பவர், 1932-இல் கோபன்ஹேகனில் பிரிஸ்டல் ஓட்டலில் ட்ராட்ஸ்கியின் மகனைச் சந்தித்ததாக வாக்குமூலம் கொடுத்தார். அந்த ஓட்டல் 1917-லேயே இடிக்கப்பட்டுவிட்டது. டென்மார்க் பத்திரிகை ஒன்று அதை வெளியிட்டது. அடுத்த வழக்கில் பியதகோவ், 1935 டிசம்பரில் விமானத்தில் ஆஸ்லோ போனதாகச் சொன்னார். அந்த மாதம் அந்த விமான நிலையத்தில் வெளிநாட்டு விமானமே இறங்கவில்லை என்று நார்வேப் பத்திரிகை எழுதியது.

வரலாற்றில் பொய் பிடிபட்டதற்குக் காரணம், ஸ்டாலினின் கைக்கு எட்டாத ஊர்களில் பத்திரிகையும் பதிவேடும் இருந்தன. நாவலில் அப்படி ஒரு வெளியூரே கிடையாது. படத்தை வின்ஸ்டன் தானே, பயத்தில், வேண்டாத தாள்களை எரித்து அழிக்கும் நினைவுக் குழியில் போட்டுவிடுகிறார். பொருந்தாத இடம் இதுதான், நான் சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

நூலகர் அம்மையார் என்னை மன்னிக்க வேண்டும், இது அவர் செய்ததில்லை. பின்னறையில் பைண்டு செய்து அடுக்கியிருக்கும் பழைய நாளிதழ்களை எடைக்குப் போட்டு இடத்தைக் காலி செய்யச் சொல்லி மேலிடத்திலிருந்து வாய்மொழியாக உத்தரவு வந்திருக்கிறது. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, பீரோ போட இடம் வேண்டுமாம். கோட்டையூர் ரோஜா முத்தையா யாருக்கும் வேண்டாத நோட்டீஸையும் விளம்பரத்தையும் சேர்த்து வைத்தார், அவர் மறைவுக்குப் பின் 1994-இல் அதிலிருந்து சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமே உருவானது. நாம் அவ்வளவு கேட்கவில்லை. எந்த ஆண்டு, எந்த மாதத் தொகுதிகள் இருக்கின்றன என்று முதலில் பட்டியல் எடுக்க வேண்டும். செல்லரித்தவற்றைப் படம் பிடித்த பிறகே கழிக்க வேண்டும். எதைக் கழித்தோம் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

பின்னிணைப்பைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன், நேரமில்லை. அது இறந்தகாலத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், பேராசிரியர் அடுத்த மாதம் விளக்குவார். பழைய நாளிதழ்களுக்காக நாம் கொடுக்கப்போகும் மனு வாசல் மேசையில் இருக்கிறது, கணக்கு வாத்தியார் பேனாவோடு உட்கார்ந்திருப்பார். கையெழுத்தோடு முழு முகவரியும் எழுதுங்கள், போன தடவை முகவரி இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நகர்மன்ற உறுப்பினர் முதல் கையெழுத்துப் போடுவதாகத் தேநீரின்போது சொன்னார், எல்லோர் முன்னாலும் நினைவூட்டுகிறேன். நன்றி, வணக்கம்.