ரெண்டு சிவப்பு ஃபோட்டான் சேர்ந்தா என்ன? – சந்தேகங்களுக்கு விளக்கம்

கேள்வி: "சார், ஒளி பட்டா உலோகத்துல இருந்து எலக்ட்ரான் வெளிய வர்ற ஒளிமின் விளைவைப் பத்திப் பேசினப்போ, சிவப்பு விளக்கை எவ்வளவு பிரகாசமா வச்சாலும் சோடியத்துல இருந்து எலக்ட்ரான் வராதுன்னு ஸ்லைடுல போட்டிருந்தீங்க. ஒரு சிவப்பு ஃபோட்டான் 1.9 எலக்ட்ரான் வோல்ட்னா, ரெண்டு சேர்ந்தா 3.8 ஆயிடுமே? சோடியத்துக்கு 2.28 தானே வேணும்?"

இந்தக் கேள்வியைப் படிச்சதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஏன்னா கூட்டல் சரியா இருக்கு. ரெண்டு சிவப்பு ஃபோட்டானோட ஆற்றல் தாராளமாப் போதும். ஆனா அந்த ரெண்டும் ஒரே எலக்ட்ரான்கிட்ட வந்து சேரணும், அதுவும் முதல்ல வந்தது கொடுத்த ஆற்றல் கரையறதுக்குள்ள ரெண்டாவது வரணும். விஷயம் முழுக்க அங்கதான் இருக்கு. அதைக் கணக்குப் போட்டே பார்த்திடலாம்.

கையில பிடிக்கிற சிவப்பு லேசர் பாயின்டர், 650 நானோமீட்டர், 5 மில்லிவாட்னு வச்சுக்கோங்க. ஒரு ஃபோட்டானோட ஆற்றல் சுமார் 3 × 10⁻¹⁹ ஜூல். வகுத்துப் பார்த்தா நொடிக்கு 1.6 × 10¹⁶ ஃபோட்டான் போய் விழுது. பிரமாண்டமான எண்ணிக்கை, இல்லையா? ஆனா விழுற இடத்துல எத்தனை அணு இருக்குன்னும் பார்க்கணும். ஒரு சதுர மில்லிமீட்டர் புள்ளியில, மேல் அடுக்குல மட்டும் ஏறக்குறைய 10¹³ அணு. அப்போ ஒரு அணுவோட பங்குக்கு நொடிக்கு 1600 ஃபோட்டான். இதுவே கூட்டிச் சொல்றதுதான், ஏன்னா சோடியம் தன்மேல விழுற ஒளியில பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிடும். சரி, 1600-னே இருக்கட்டும். ஒரு ஃபோட்டானுக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி சராசரியா 0.6 மில்லிநொடி.

இப்போ அந்த எலக்ட்ரான் பக்கம் வாங்க. 1.9 எலக்ட்ரான் வோல்ட் கிடைச்சுது, வெளிய வரப் போதலை. அந்த ஆற்றலை அது வச்சுக்கிட்டுக் காத்திருக்குமா? காத்திருக்காது. உலோகத்துக்குள்ள சுத்தி இருக்கிற மத்த எலக்ட்ரான்களோட மோதி, நொடியில கோடி கோடியில ஒரு பங்கு, அதை ஒட்டின நேரத்துலயே பகிர்ந்து விட்டுடும். கடைசியில அது சூடா மாறும். அடுத்த ஃபோட்டான் வர 0.6 மில்லிநொடி, முதல் ஃபோட்டான் கொடுத்தது கரையறதுக்கு 10⁻¹⁴ நொடி. ரெண்டும் ஒண்ணு சேருற வாய்ப்பு பத்தாயிரம் கோடியில ஒண்ணு, ரெண்டுன்னு வச்சுக்கலாம். விளக்கை நூறு மடங்கு பிரகாசமாக்கினாலும் இந்த இடைவெளி மூடாது, உலோகம்தான் சூடாகும்.

மாமரத்துல கல்லெறிஞ்சு பார்த்தவங்களுக்கு இது புரியும். காம்பு அறுற அளவுக்கு வேகம் இல்லாத கல் பட்டா கிளை ஆடும், அப்புறம் நின்னுடும். ஆட்டம் முழுசா அடங்கின பிறகு அதே மாதிரி இன்னொரு கல், அடங்கின பிறகு இன்னொண்ணு. நாள் முழுக்க எறிஞ்சாலும் காய் விழாது. வேகமா வந்த ஒரே கல்லுக்கு விழும். போன பேச்சுல திரும்பத் திரும்பச் சொன்னேனே, ஒரு ஃபோட்டான் ஒரு எலக்ட்ரான்னு, அது இதுதான். மறுபடியும் சொல்றேன்: ஒரு ஃபோட்டான், ஒரு எலக்ட்ரான். கல்லோட வேகம்தான் அதிர்வெண். எத்தனை கல்லுங்கிறது பிரகாசம்.

இதுக்கு ஒரு எல்லை உண்டு, அதையும் சொல்லிடணும். ஃபெம்டோநொடித் துடிப்புல வர்ற லேசர் இருக்கு. மொத்த ஒளியையும் அந்தச் சின்ன நேரத்துக்குள்ள அடைச்சு அனுப்பும். அப்போ ரெண்டு ஃபோட்டான் நிஜமாவே ஒரே எலக்ட்ரானுக்குக் கிடைக்கும், எலக்ட்ரான் வெளிய வரும். ஆய்வகங்கள்ல இதைச் செய்யறாங்க. கேள்வி கேட்டவர் நினைச்சது அங்க நடக்குது. ஸ்லைடுல இருந்த வாக்கியம் சாதாரண விளக்குக்கும் பாயின்டருக்கும் பொருந்துறது.

இப்போ விளக்கை ஊதாவுக்கு மாத்துங்க. 405 நானோமீட்டர், பாதரச விளக்குல வர்ற கோடு. ஃபோட்டானுக்கு 3.06 எலக்ட்ரான் வோல்ட். வெளியேற்று ஆற்றல் 2.28 போக மீதி 0.78. எவ்வளவு மங்கலா வச்சாலும் எலக்ட்ரான் வரும், குறைவா வரும், ஆனா உடனே வரும். அதிகபட்ச ஆற்றல் அதே 0.78 தான். 1902-ல லெனார்ட்ங்கிற இயற்பியலாளர் கார்பன் வில்விளக்கோட பிரகாசத்தை ஆயிரம் மடங்கு வரைக்கும் மாத்திப் பார்த்தார். மின்னோட்டம் ஏறுச்சு, எலக்ட்ரானோட அதிகபட்ச ஆற்றல் அசையலை. ஐன்ஸ்டீன் 1905-ல எழுதினப்போ கையில இருந்த முக்கியமான சான்று இதுதான்.

ஆனா கல்லூரி ஆய்வகத்துல இதைச் செஞ்ச பசங்க நோட்டைத் தூக்கிட்டு வருவாங்க. "சார், பிரகாசத்தைக் கூட்டினா நிறுத்து மின்னழுத்தமும் கொஞ்சம் ஏறுதே"ம்பாங்க. நிறுத்து மின்னழுத்தம்னா, வெளிய வர்ற எலக்ட்ரான் எல்லாத்தையும் தடுத்து மின்னோட்டத்தைப் பூஜ்ஜியமாக்கத் தேவையான எதிர் மின்னழுத்தம்; எலக்ட்ரானோட அதிகபட்ச ஆற்றல் அதுலதான் தெரியும். அவங்க பார்த்தது உண்மை. மின்னோட்டம் வெட்டின மாதிரி பூஜ்ஜியத்துக்கு வராது, வால் மாதிரி இழுத்துக்கிட்டே போய் அடங்கும். மங்கலான ஒளியில அந்த வாலோட நுனி மீட்டருக்குத் தெரியாது, அதனால முன்னாடியே பூஜ்ஜியம்னு குறிச்சுடுவோம். பிரகாசம் கூடினா நுனியும் தெரியுது. வரைபடத்துல முழு வளைகோட்டையும் வரைஞ்சு, மின்னோட்டத்தை உச்ச அளவால வகுத்துப் போட்டீங்கன்னா, மங்கலும் பிரகாசமும் ஒண்ணு மேல ஒண்ணு உட்கார்ந்துடும். ஃபில்டர் வழியா வேற நிறம் கசிஞ்சாலும் குழப்பம் வரும், அதையும் பாருங்க.

யாராவது கேட்க மாட்டாங்களான்னு நான் காத்துக்கிட்டு இருக்கிற கேள்வி ஒண்ணு உண்டு. நிறுத்து மின்னழுத்தத்தை அதிர்வெண்ணுக்கு எதிரா வரைஞ்சா நேர்கோடு வருது. சோடியத்துக்கு ஒரு கோடு, லித்தியத்துக்கு ஒரு கோடு. ரெண்டும் ஏன் இணையா இருக்கு?

சோடியத்துலயே போட்டுப் பார்ப்போம். 365 நானோமீட்டர்ல மீதி ஆற்றல் 1.12, 436-ல 0.56. வித்தியாசம் ஏறக்குறைய 0.55 வோல்ட். அதிர்வெண் வித்தியாசம் 1.34 × 10¹⁴ ஹெர்ட்ஸ். வகுத்தா 4.1 × 10⁻¹⁵, அதாவது h/e, பிளாங்க் மாறிலியை எலக்ட்ரானோட மின்னூட்டத்தால வகுத்தது. வெளியேற்று ஆற்றல் ரெண்டுலயும் ஒரே மாதிரி கழிஞ்சு போயிடுச்சு பாருங்க. அதனாலதான் சாய்வுல உலோகத்தோட அடையாளமே இல்லை. அது ஒளியோட எண். கோடு அச்சை வெட்டுற இடம் அப்படி இல்லை. எலக்ட்ரானை வாங்கிக்கிற எதிர்த் தகடும் அதுல தன் பங்கைச் சேர்க்கும், மேற்பரப்புல கொஞ்சம் ஆக்ஸைடு படிஞ்சாலே நகர்ந்துடும். ஆய்வகத்துல வெளியேற்று ஆற்றல் புத்தக அளவோட பொருந்தலைன்னா பயப்பட வேண்டாம், முதல்ல சாய்வைப் பாருங்க.

இயற்பியலாளர் மில்லிகன் சிகாகோவுல பட்ட பாடெல்லாம் இந்தச் சாய்வுக்காகத்தான். காற்று பட்டா சோடியம் உடனே கெட்டுப்போகும். அதனால வெற்றிடக் குழாய்க்குள்ளயே ஒரு கத்தியை வச்சு, வெளியில இருந்து காந்தத்தால இயக்கி, உலோகத்தைச் சீவிச் சீவிப் புது முகத்துல அளந்தார். 1916-ல அவருக்குக் கிடைச்ச h இன்னைக்குத் தெரிஞ்ச அளவுல இருந்து ஒரு சதவீதத்துக்கும் குறைவாத்தான் விலகுது. ஒளி பொட்டலமா வருதுங்கிற ஐன்ஸ்டீன் விளக்கத்தை அப்பவும் அவர் ஏத்துக்கலை. ஆனாலும் வந்த எண்ணை வந்தபடியே வெளியிட்டார்.