த்ரீ ரோசஸ் எந்த ஊர்ச் சரக்கு?

(மூணாற்றில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அக்காமார்களே, அண்ணன்மார்களே, தம்பி தங்கைகளே,

போன வாரம் பஜார் கடையில் ஒரு பெரியவருக்கும் அவர் பேரனுக்கும் வாக்குவாதம். பெரியவர் த்ரீ ரோசஸ் பாக்கெட்டைக் கேட்டார். "அது வெள்ளைக்காரன் கம்பெனி தாத்தா" என்றான் பேரன். "நம்ம ஊர் இலையை நம்ம நாட்டில் பாக்கெட் போட்டு விற்கிறான், அது எப்படிடா வெள்ளைக்காரனுது?" என்றார் அவர். இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இருவரும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இதோ அதே பாக்கெட். மேலே புரூக் பாண்ட் என்று இருக்கிறது. 1869-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்தர் புரூக் என்பவர் திறந்த கடையின் பெயர் அது. பாண்ட் என்று ஒரு கூட்டாளி கிடையாது. வாடிக்கையாளருக்குத் தான் கொடுக்கும் வாக்கு என்ற பொருளில் அவரே சேர்த்துக்கொண்ட சொல். ஆக, பெயர் பிறந்த ஊர் இங்கிலாந்து. இது மாறாது. ஆனால் இன்றைய சொந்தக்காரர் யார் என்று இது சொல்லவும் சொல்லாது.

பாக்கெட்டைத் திருப்புங்கள். தயாரித்தவர் என்று ஒரு விலாசம் இருக்கும். அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், அது கூலிக்குப் பாக்கெட் போட்டுக் கொடுக்கும் ஆலையாகவும் இருக்கலாம். சந்தைப்படுத்துபவர் யார் என்று தேடுங்கள். ஹிந்துஸ்தான் யூனிலீவர், மும்பை.

இந்தியாவில் பதிவான ஒவ்வொரு கம்பெனிக்கும் 21 எழுத்து கொண்ட அடையாள எண் உண்டு. ஆண்டறிக்கையில் அச்சாகியிருக்கும். ஹிந்துஸ்தான் யூனிலீவரின் எண் இது: L15140MH1933PLC002030. முதல் எழுத்து L என்றால் பங்குச்சந்தையில் பட்டியலான கம்பெனி. பட்டியலில் இல்லாததற்கு U. MH என்பது மகாராஷ்டிரா. 1933 பதிவான ஆண்டு. PLC என்றால் பப்ளிக் லிமிடெட். சட்டப்படி பார்த்தால் 1933-ல் பதிவான இந்தியக் கம்பெனி இது. தாத்தா சொன்னது சரி.

ஆனால் இந்த எண் அங்கேயே நின்றுவிடுகிறது. முதலாளி யார் என்று அதில் ஒரு எழுத்துகூடக் கிடையாது. பதிவுச் சான்றிதழைப் பார்த்துவிட்டு "இது இந்தியக் கம்பெனிதான்" என்று முடித்துவிடுபவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்.

அடுத்து எங்கே போக வேண்டும்? பட்டியலான கம்பெனிகள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, யாரிடம் எத்தனை பங்கு என்று பங்குச்சந்தைக்குக் கணக்குக் கொடுத்தாக வேண்டும். மும்பைப் பங்குச்சந்தையான பி.எஸ்.இ.யின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஹிந்துஸ்தான் யூனிலீவர் கணக்கில் புரமோட்டர், அதாவது கம்பெனியைக் கட்டுப்படுத்துபவர், என்ற வரிசையைப் பார்த்தால், சுமார் 62 சதவீதப் பங்கு லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட யூனிலீவர் குழுமத்திடம் இருக்கிறது. பாதிக்கு மேல் ஓட்டு கையில் இருந்தால் இயக்குநர்களை அமர்த்துவதும் இறக்குவதும் அவர்கள் கையில். அதைத்தான் சட்டம் கட்டுப்பாடு என்கிறது. இதில் பேரன் சொன்னது சரி.

பாதிக்குக் கீழே இருந்தால் கட்டுப்பாடே இல்லை என்றும் நினைக்காதீர்கள். டாடா கன்ஸ்யூமர் கம்பெனியில் டாடா குழுமத்தின் பங்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மீதி ஆயிரக்கணக்கான கைகளில் சிதறிக் கிடப்பதால் அதுவே போதுமானதாக இருக்கிறது. இந்தக் கம்பெனியின் கையில்தான், இங்கிலாந்தில் 1837-ல் தொடங்கிய டெட்லி 2000-லிருந்து இருக்கிறது. பெயரைக் கேட்டால் வெள்ளைக்காரச் சரக்கு, கடிவாளம் பம்பாயில்!

ஒரே பெயருக்கு நாட்டுக்கு ஒரு முதலாளி இருப்பதும் உண்டு. லிப்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 2022-ல் யூனிலீவர் தன் உலகத் தேயிலை வியாபாரத்தை சி.வி.சி. என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு 450 கோடி யூரோவுக்கு விற்றது. இந்தியா, நேபாளம், இந்தோனேசியா வியாபாரங்கள் அந்த விற்பனையில் சேரவில்லை. துபாயில் இருக்கும் உங்கள் மகன் குடிக்கும் லிப்டனுக்கும் இங்கே நீங்கள் வாங்கும் லிப்டனுக்கும் இன்று முதலாளி வேறு. யாராவது "லிப்டன் யாருடையது?" என்று கேட்டால், எந்த நாட்டில், எந்த வருஷம் என்று திருப்பிக் கேளுங்கள்.

கடைசியாக நம் வீட்டுச் சங்கதிக்கு வருகிறேன். நீங்கள் வேலை செய்யும் கே.டி.எச்.பி. கம்பெனி 2005-ல் டாடா டீயிடமிருந்து தோட்டங்களை எடுத்துக்கொண்டது. அதன் பெரும்பான்மைப் பங்கு தொழிலாளர்கள் கையில், அதாவது இங்கே உட்கார்ந்திருக்கும் பலரிடம். டாடாவுக்கு இருப்பது சிறுபான்மைப் பங்கு. ஆனால் நம் மலையின் பெயரான கண்ணன் தேவன் என்ற தேயிலைப் பெயர் டாடாவிடமே நின்றுவிட்டது. மலையின் பெயர் ஒருவரிடம், மலையின் கொழுந்து இன்னொருவரிடம். உங்கள் கம்பெனி ரிப்பிள் என்ற பெயரில் தனியாக விற்கிறது.

கண்ணன் தேவன், ரிப்பிள் இரண்டு பாக்கெட்டும் இந்த மேசை மேல் இருக்கின்றன. வந்து பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள்.