எதால் வகுக்கிறோம்?
(ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்கள், செவிலியர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். மாதாந்திர மீட்டிங்கில் திரையில் ஒரு பட்டியல் வரும். எந்த நிலையத்தில் எத்தனை சதவீதம் பேருக்கு பி.பி. கட்டுக்குள் இருக்கிறது என்று மேலிருந்து கீழாகப் போட்டிருப்பார்கள். கடைசி மூன்று வரியில் நம் ஊர் பெயர் இருந்தால் அன்று மதியச் சாப்பாடு இறங்காது. அந்தப் பட்டியலை எப்படிப் படிப்பது என்பதைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன்.

ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் நான் கற்பனையாக எடுத்துக்கொண்டவை. நம் சிறிய நிலையத்தில் ரத்த அழுத்தத்துக்குப் பதிவானவர்கள் 200 பேர். இந்தக் காலாண்டில் வந்தவர்கள் 120. அவர்களில் கடைசி அளவு 140/90-க்குக் கீழே இருந்தவர்கள் 84. பக்கத்து வட்டாரத்துப் பெரிய நிலையத்தில் பதிவானவர்கள் 1000, வந்தவர்கள் 800, கட்டுக்குள் இருப்பவர்கள் 480.

வந்தவர்களால் வகுத்தால் நமக்கு 70 சதவீதம், அவர்களுக்கு 60. பதிவானவர்களால் வகுத்தால் நமக்கு 42, அவர்களுக்கு 48. நோயாளிகளும் மாத்திரைகளும் மாறவில்லை, வரிசை மட்டும் தலைகீழாகிவிட்டது.

எது நியாயம்? பதிவானவர்களால் வகுப்பதுதான். 2017-இல் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டத்திலும் காலாண்டுக் கணக்கு இந்த வழியில்தான் போகிறது. கையில் முப்பது நாள் மாத்திரையோடு போனவர் மூன்று மாதமாக வரவில்லை என்றால், அவருக்கு பி.பி. நன்றாக இருக்கிறது என்று நாம் சொல்ல வழியில்லை. வந்தவர்களை மட்டும் எண்ணினால், வராதவர்களைத் தொலைத்த நிலையம் பட்டியலில் ஏறிவிடும்.

ஆனால் இதிலும் ஒரு விலக்கு வேண்டும். கடைசி மூன்று மாதத்தில் புதிதாகப் பதிவானவர்களைச் சேர்க்கக் கூடாது. பி.பி. அதிகமாக இருந்ததால்தானே அவர்களைப் பதிவே செய்தோம்? முகாம் போட்டு 60 பேரைப் புதிதாகக் கண்டுபிடித்தோம் என்று வையுங்கள். அவர்களையும் சேர்த்து 260-ஆல் வகுத்தால் 42 சதவீதம் 32 ஆகிவிடும். உழைத்ததற்குத் தண்டனை! அப்புறம் யார் முகாம் போடுவார்கள்?

இறந்தவர்களையும் வேறு நிலையத்துக்கு மாறியவர்களையும் கழிக்கலாம், தேதியும் காரணமும் பதிவேட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால், வராதவர்கள் எல்லாரும் காலாண்டுக் கடைசியில் ‘ஊர் மாறிவிட்டார்’ ஆகிவிடுவார்கள். நம் ஆட்களைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். மறுபக்கமும் உண்டு: ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தன்னார்வலர் வீட்டிலேயே பார்த்த அளவு நம் பதிவேட்டில் ஏறவில்லை என்றால், ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறவரும் வராதவர் கணக்கில் விழுவார். ஒப்பிடும் முன் இரண்டு நிலையத்திலும் அந்த அளவுகள் ஏறுகின்றனவா என்று கேளுங்கள்.

சரி, 42-க்கும் 48-க்கும் இடையிலான ஆறு சதவீதம் எவ்வளவு பெரியது? 200 பேர் உள்ள இடத்தில் தற்செயலாகவே முடிவு ஏறத்தாழ ஏழு சதவீதம் மேலேயோ கீழேயோ போகலாம். 1000 பேர் உள்ள இடத்தில் அந்த ஆட்டம் மூன்று சதவீதம்தான். ஆக, நம் 42 என்பது 35-க்கும் 49-க்கும் நடுவில் எங்கேயும் இருக்கலாம். இந்த ஒரு காலாண்டை வைத்து அவர்கள் நம்மைவிட மேல் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. சிறிய நிலையங்கள் பட்டியலின் உச்சியிலும் அடியிலும் மாறி மாறி வருவதற்கு இந்த ஆட்டமும் ஒரு முக்கியக் காரணம். நான்கு காலாண்டைக் கூட்டி 800 பேர் என்று சொல்லிவிடவும் முடியாது, திரும்பத் திரும்ப வருவது அதே 200 பேர்தான். ஒவ்வொரு காலாண்டும் ஒரே பக்கம் சாய்கிறதா என்று பார்ப்பதுதான் வழி.

அளவையும் சோதியுங்கள். டிஜிட்டல் கருவியில் வரும் எண்களின் கடைசி இலக்கம் பரவலாக இருக்கும். பதிவேட்டில் பாதிக்கு மேல் 130/80 என்றே இருந்தால், கருவி சொன்னதை எழுதவில்லை என்று அர்த்தம். அந்த நிலையத்தோடு ஒப்பிட்டுப் பயனில்லை.

இவ்வளவும் சரியாக இருந்தால், எண்ணை இரண்டாகப் பிரியுங்கள். நம்மிடம் வராதவர்கள் நூற்றுக்கு 40, அவர்களிடம் 20. வந்தவர்களில் கட்டுக்குள் இருப்பவர்கள் நம்மிடம் 70, அவர்களிடம் 60. இந்த இரண்டு வித்தியாசமும் தற்செயலின் எல்லையைத் தாண்டியவை. அப்படியென்றால் அந்த நிலையத்து டாக்டருக்கு போன் போட்டுக் கேட்க வேண்டியது இது: ஒரு தடவைக்கு எத்தனை நாள் மாத்திரை கொடுக்கிறீர்கள், தேதி தவறியவர்களை யார், எந்தக் கிழமை கூப்பிடுகிறார்கள்? பி.பி. இறங்காதவருக்கு அடுத்த மாத்திரையை நாம் எந்த வருகையில் சேர்க்கிறோம் என்று அவரும் நம்மிடம் கேட்பார். பதிலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.