ஆபீஸ் வேலையோடு சொந்த ஆப்: மாட்டுவோமா என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது

கேள்வி: "சார், சோழிங்கநல்லூர்ல ஒரு ஐடி கம்பெனியில நாலு வருஷமா டெஸ்டிங் வேலை. மாமாவோட உரக்கடைக்கு ராத்திரி உட்கார்ந்து ஸ்டாக், கடன் பாக்கி பார்க்கிற ஆப் ஒண்ணு பண்ணிக் கொடுத்தேன். இப்போ பக்கத்து ஊர்க் கடைக்காரங்க மூணு பேர், மாசம் 800 ரூபா தர்றோம், எங்களுக்கும் கொடுன்னு கேட்கிறாங்க. அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல வேற வேலை பார்க்கக் கூடாதுன்னு இருக்கு. பிஎஃப் வழியா கம்பெனிக்குத் தெரிஞ்சிடுமா? மனைவி பேர்ல காசு வாங்கினா பரவாயில்லையா?"

தம்பி, உங்கள் கேள்வி இரண்டு நாளாக என்னை விடவில்லை. நீங்கள் கேட்டதற்கு முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றுக்கு வருகிறேன், அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பிஎஃப் உங்கள் விஷயத்தில் வராது. இன்னொரு கம்பெனியில் நீங்கள் ஊழியராகச் சேர்ந்து, அவர்களும் பிஎஃப் பிடித்தால்தான் ஒரே யுஏஎன் நம்பரின் கீழ் இரண்டு கம்பெனியின் பெயரும், சேர்ந்த தேதியும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். அடுத்த வேலைக்குப் போகும்போது பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்காரர்கள் அந்த சர்வீஸ் ஹிஸ்டரியைக் கேட்டு வாங்குவார்கள், தேதி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் அங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். கடைக்காரர் உங்களுக்குத் தருவது சம்பளம் இல்லை, கட்டணம். அதில் பிஎஃப் கிடையாது. ஆனால் வருமான வரிக் கணக்கில் அதைக் காட்டியே ஆக வேண்டும், அதில் பேச்சே இல்லை.

மனைவி பேரில் வாங்குவதைப் பற்றி. உங்கள் ஆர்டரை எடுத்து அந்தப் பத்தியை மறுபடி படியுங்கள். "நேரடியாகவோ மறைமுகமாகவோ" என்கிற பொருளில் ஒரு சொல் இருக்கும். நான் பதினான்கு வருடம் எச்ஆரில் இருந்தேன், அந்தச் சொல் இல்லாத ஆர்டரை நான் பார்த்ததாக நினைவில்லை. ஆப்பை எழுதுவது நீங்கள், போன் வந்தால் எடுப்பது நீங்கள், பணம் மட்டும் அவர் கணக்குக்குப் போகிறது என்றால் அதற்குப் பெயர்தான் மறைமுகம். அதைவிட முக்கியம், பின்னால் ஒரு விசாரணை வந்தால் "தெரியாமல் செய்துவிட்டேன்" என்று சொல்லும் வழியையும் நீங்களே அடைத்துவிடுகிறீர்கள். தவறு சின்னதாக இருக்கும், மறைத்ததுதான் பெரிதாகப் பேசப்படும். வேண்டாம்.

சரி, இது குற்றமா? ஐடி ஊழியர் சம்பளத்துக்கு வெளியே சம்பாதித்தால் ஜெயில் என்று ஒரு சட்டம் இல்லை. பலரும் எடுத்துக் காட்டுவது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 60ஆம் பிரிவு. ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த தொழிலாளியை அதே நாளில் இன்னொரு தொழிற்சாலையிலும் வேலை வாங்கக் கூடாது என்றது அது. ஆள் களைத்துப்போய் மெஷினில் கையைக் கொடுத்துவிடக் கூடாதே என்கிற கவலை அதன் பின்னால் இருந்தது. உரக்கடை ஆப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உங்களைக் கட்டுவது நீங்கள் கையெழுத்துப் போட்ட காகிதம்தான்.

அந்தக் காகிதம் செல்லுமா என்று கேட்பீர்கள். நோட்டீஸ் பீரியட் வீடியோவில் 27ஆம் பிரிவைப் பற்றிப் பேசியிருக்கிறேன், பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் அந்தப் பிரிவின்படி, ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. அதை வைத்துக்கொண்டு "அந்த க்ளாஸே செல்லாது சார்" என்று கமெண்டில் எழுதுகிறார்கள். அது பாதி உண்மை. வேலையை விட்டபிறகு போடும் தடைதான் பெரும்பாலும் செல்லாது. வேலையில் இருக்கும்போது போடும் தடை செல்லும். 1967இல் உச்ச நீதிமன்றம் கோலிகரி வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. டயர் கார்டு நூல் தயாரிப்பில் பயிற்சி எடுத்த ஒருவர், ஐந்து வருடம் இருப்பேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு நடுவிலேயே ராஜஸ்தானின் கோட்டா நகரில் இருந்த போட்டிக் கம்பெனிக்குப் போனார். ஒப்பந்தக் காலம் முடியும்வரை அங்கே அந்த வேலை பார்க்கக் கூடாது என்ற தடை சரிதான் என்று தீர்ப்பு வந்தது. சம்பளம் வாங்குகிற காலம் வரை கட்டுப்பாடு நிற்கும், இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடைமுறையில் கம்பெனிகள் எல்லாவற்றையும் ஒரே தராசில் வைப்பதில்லை. 2022 செப்டம்பரில் விப்ரோ தலைவர் ரிஷத் பிரேம்ஜி 300 பேரை வெளியே அனுப்பியதாகச் சொன்னார், அவர்கள் போட்டிக் கம்பெனிகளுக்கு நேரடியாக வேலை பார்த்தவர்கள் என்றார். அடுத்த மாதமே இன்ஃபோசிஸ், மேனேஜரிடமும் எச்ஆரிடமும் முன்கூட்டியே அனுமதி வாங்கினால், தங்களுக்கோ தங்கள் க்ளையன்ட்டுக்கோ போட்டியாக இல்லாத சின்ன வேலைகளைச் செய்யலாம் என்றது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். யாருக்காகச் செய்கிறீர்கள், கேட்டுவிட்டுச் செய்கிறீர்களா, இவை இரண்டும்தான் அளவுகோல்.

இப்போது நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். அந்த ஆப் யாருடையது?

உங்களுடையது என்று நீங்கள் நிச்சயமாக நினைப்பதால்தான் அதைக் கேட்கவில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 17ஆம் பிரிவு இருக்கிறது. வேலையின் போக்கில் ஊழியர் உருவாக்கிய படைப்புக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிதான் முதல் உரிமையாளர் என்கிறது. கம்ப்யூட்டர் புரோகிராமும் இந்தச் சட்டத்தில் இலக்கியப் படைப்பு என்ற வகைக்குள் வந்துவிடும். நீங்கள் பகலில் டெஸ்டிங் பார்க்கிறீர்கள், ராத்திரி உரக்கடைக் கணக்கு எழுதுகிறீர்கள். அது "வேலையின் போக்கில்" செய்தது ஆகாது, சட்டத்தை மட்டும் பார்த்தால் ஆப் உங்களுடையதுதான்.

ஆனால் சட்டத்தோடு விஷயம் முடிவதில்லை. ஆர்டரோடு சேர்த்து நான்கைந்து பக்கத்தில் இன்னொரு அக்ரிமென்ட்டில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள், முதல் நாள் லேப்டாப், ஐடி கார்டு கொடுக்கும் அவசரத்தில் யாரும் படிக்காத காகிதம் அது. வேலையில் இருக்கும் காலத்தில் நீங்கள் உருவாக்குவதில், கம்பெனியின் தொழிலோடு தொடர்புள்ளது, கம்பெனியின் கருவியை வைத்துச் செய்தது எல்லாவற்றையும் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கிறேன் என்று அதில் இருக்கும். இனிமேல் உருவாகப்போகும் படைப்பின் உரிமையையும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. சில அக்ரிமென்ட்டில் "தொடர்புள்ளது" என்ற வரம்பு கூட இருக்காது, எல்லாமே என்று இருக்கும். இணையத்தில் அமெரிக்கர்கள் எழுதுவதைப் படித்துவிட்டு, சொந்த நேரத்தில் சொந்த லேப்டாப்பில் செய்தால் யாரும் கேட்க முடியாது என்று சிலர் சொல்கிறார்கள். கலிஃபோர்னியாவில் அப்படி ஒரு பாதுகாப்பு சட்டத்திலேயே இருக்கிறது, அதுவும் கம்பெனியின் தொழிலோடு தொடர்பில்லாத கண்டுபிடிப்புக்குத்தான். சோழிங்கநல்லூரில் அது உதவாது.

நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் ஒரு பையன் இருந்தான், ரொம்ப நல்ல பையன். தங்கை நடத்திய டியூஷன் சென்டருக்கு வருகைப் பதிவு, ஃபீஸ் பார்க்கும் ஆப் செய்தான். சொந்த லேப்டாப் பழுதாகி மூன்று வாரம் ஆபீஸ் லேப்டாப்பில் எழுதினான், வெறும் மூன்று வாரம். எழுதிய கோட் ஃபைல்களை அவன் கிட்ஹப்பில் ஏற்றியது ஆபீஸ் செக்யூரிட்டி சாஃப்ட்வேரில் பதிவாகி, கம்பெனி கோட் வெளியே போகிறதோ என்ற சந்தேகத்தில்தான் விசாரணை தொடங்கியது. கம்பெனி கோட் ஒரு வரி கூட அதில் இல்லை. ஆனால் எது வீட்டில் எழுதியது, எது ஆபீஸ் லேப்டாப்பில் எழுதியது என்று அவனால் பிரித்துக் காட்ட முடியவில்லை. வேலை போகவில்லை. ஆனால் அந்த ஆப்பை இனி யாருக்கும் விற்கமாட்டேன், பிரதிகளை அழித்துவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தான். அந்தக் காகிதத்தை அவன் முன்னால் வைத்தது நான்தான், அவன் முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. அதனால்தான் வீடியோவுக்கு வீடியோ சொல்கிறேன், ஆபீஸ் லேப்டாப்பைத் தொடாதீர்கள். ஆபீஸ் விபிஎன், ஆபீஸ் மெயில், ஆபீஸ் லைசென்ஸில் வரும் டூல், எதையும் தொடாதீர்கள்.

நீங்கள் தொட்டிருக்கிறீர்களா என்பது உங்கள் ப்ராஜெக்டிலேயே எழுதியிருக்கும். அந்த ஃபோல்டருக்குள் போய் இதை அடித்துப் பாருங்கள்:

```
git log --date=default --format="%ad %ae %s"
```

ஒவ்வொரு கமிட்டுக்கும் தேதி, நேரம், மெயில் ஐடி, நீங்கள் எழுதிய குறிப்பு வரிசையாக வரும். மெயில் இடத்தில் ஆபீஸ் ஐடி இருக்கிறதா பாருங்கள். செவ்வாய்க்கிழமை பகல் மூன்று மணி என்று நேரம் காட்டுகிறதா பாருங்கள். எல்லாம் சொந்த ஐடி, இரவு, ஞாயிற்றுக்கிழமை என்றால் நல்ல நிலைமையில் இருக்கிறீர்கள். ஒன்றிரண்டு தவறாக இருந்தால் தயவுசெய்து பழைய ஹிஸ்டரியைத் திருத்தாதீர்கள். ஆபீஸ் ஐடி இருப்பதாலேயே ஆப் கம்பெனிக்குப் போய்விடாது, ஆனால் திருத்தினது தெரிந்தால் உங்கள் பேச்சை யாரும் நம்பமாட்டார்கள்.

அடுத்தது, உங்கள் கம்பெனி என்ன செய்கிறது, உங்கள் க்ளையன்ட் யார். கம்பெனியே சில்லறைக் கடைகளுக்கு சாஃப்ட்வேர் விற்கிறது என்றால் இந்த ஆப் போட்டிதான், மூன்று கடை என்றாலும் போட்டிதான். க்ளையன்ட் ஒரு உர நிறுவனம் என்றாலும் அங்கே பார்த்ததை இங்கே பயன்படுத்தினீர்களா என்ற கேள்வி வரும். அமெரிக்க இன்ஷூரன்ஸ் க்ளையன்ட் மாதிரி சம்பந்தமே இல்லாத இடம் என்றால் அனுமதி கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். காபி குடிக்கும்போது மேனேஜர் "பண்ணுப்பா, ஒண்ணும் பிரச்சினை இல்லை" என்று சொல்வது அனுமதி ஆகாது. அவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் ஆறு மாதத்தில் அவர் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார், ஆர்டரில் "முன்கூட்டிய எழுத்துபூர்வ அனுமதி" என்றுதான் இருக்கும். மெயிலில் மூடி மறைக்காமல் எழுதுங்கள்: உரக்கடைகளுக்கான ஸ்டாக், கடன் பாக்கி ஆப், மூன்று கடை, மாதம் 800 வீதம் 2,400 ரூபாய், வாரத்தில் இத்தனை மணி நேரம், வேலை நேரத்துக்கு வெளியே, சொந்த லேப்டாப்பில், கம்பெனியின் தகவல் எதுவும் இல்லை. இவ்வளவையும் பலர் எழுதுகிறார்கள். அதோடு ஒரு வரி சேர்க்கச் சொல்கிறேன், இதை யாரும் சேர்ப்பதில்லை: இந்த ஆப்பின் மீது கம்பெனிக்கு உரிமை ஏதும் இல்லை என்பதையும் உறுதிசெய்யக் கேட்டுக்கொள்கிறேன். அனுமதி மட்டும் வாங்கினால் வேலை தப்பும், ஆப் தப்புமா என்பது அந்த வரியில்தான் இருக்கிறது.

பதிலை எச்ஆர் பதிவில் இருக்கிற உங்கள் சொந்த மெயிலுக்கும் சேர்த்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், அல்லது கையெழுத்துப் போட்ட கடிதமாக வாங்குங்கள். வேலையை விடுகிற அன்றைக்கே ஆபீஸ் மெயில் மூடிவிடும், அனுமதியும் அதற்குள்ளேயே கிடக்கும். பதில் வருகிறவரை மாமா கடைக்கு வழக்கம்போல் உதவுங்கள், மற்ற மூன்று பேரிடம் அட்வான்ஸ் மட்டும் வாங்காதீர்கள். எச்ஆர் மறுத்துவிட்டால் எனக்கு எழுதுங்கள். என்ன வார்த்தையில் மறுத்தார்கள் என்பதை அப்படியே எழுதுங்கள், "இப்போது முடியாது" என்பதும் "இது எங்கள் தொழிலோடு மோதுகிறது" என்பதும் வேறு வேறு, இரண்டுக்கும் அடுத்த படி வேறு.